படிவம் 16-இல் ‘ரிபேட்’, பாலிசியில் ‘டிடக்டிபிள்’: எந்தச் சொல் எதைக் குறைக்கிறது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 27. சென்னையில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை. 2025–26 நிதியாண்டில் மொத்தச் சம்பளம் 12,60,000 ரூபாய். முதல் முறையாக வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யப் போகிறேன். நிறுவனம் புதிய வரி முறையில் கணக்கிட்டு, வரி எதுவும் பிடிக்கவில்லை. படிவம் 16-இல் ‘ரிபேட் 58,500’ என்று இருக்கிறது. அது எப்போது என் வங்கிக் கணக்குக்கு வரும்? ஃபிக்ஸட் டெபாசிட்டில் 22,000 வட்டி வந்தது. வங்கி டிடிஎஸ் பிடிக்கவில்லை, ஆகவே அதற்கு விலக்கு உண்டு என்று விட்டுவிட்டேன். 12 லட்சம் வரை விலக்கு என்பதால் கணக்கே தாக்கல் செய்ய வேண்டாம் என்கிறார் அறைத்தோழர். அலுவலகத்தில் 5 லட்சத்துக்குக் குழு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. அதற்கு மேல் 20 லட்சத்துக்கு சூப்பர் டாப்-அப் பாலிசி ஒன்று எடுத்திருக்கிறேன். பிரீமியம் 3,600. அதில் ‘டிடக்டிபிள் 5,00,000’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். பழைய வரி முறைக்கு மாறினால் இந்த 5 லட்சத்தை 80டி-யில் கழித்துக்கொள்ளலாம்தானே? அறுபதைத் தாண்டிய பெற்றோருக்கு 38,000 பிரீமியமும் நான்தான் கட்டுகிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அந்த 58,500 ரூபாய் வராது. அது உங்களிடமிருந்து எடுக்கப்பட்ட பணம் அல்ல. எடுக்காமல் விடப்பட்ட பணம். ஏமாற்றமாக இருக்கும், ஆனாலும் இதில் உங்கள் தவறு குறைவு. நம் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் விலக்கு, கழிவு, சலுகை, தள்ளுபடி என்ற நான்கு சொற்களையும் ஒரே பொருளில் வீசுகின்றன. 2025 பட்ஜெட் அன்று ‘12 லட்சம் வரை வரி விலக்கு’ என்று எல்லோரும் சொன்னார்கள், எழுதினார்கள். சட்டப்படி அது விலக்கே அல்ல. புதிய முறையில் எல்லோருக்கும் பொதுவான அடிப்படை விலக்கு வரம்பு 4 லட்சம்தான். அதற்கு மேல் 12 லட்சம் வரை இருப்பது 87ஏ பிரிவு தரும் தள்ளுபடி. இந்த வேறுபாடு உங்கள் கணக்கில் மட்டும் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் பெறும். எப்படி என்று கீழே காட்டுகிறேன்.

மேலிருந்து கீழாகப் படியுங்கள்

உங்கள் படிவம் 16-இன் இரண்டாம் பகுதியை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வாருங்கள். அதில் தொகை குறைகிற இடங்கள் மூன்று. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சொல்.

முதல் இடம் விலக்கு. இது வருமானம் என்ற கணக்குக்குள் நுழைவதற்கு முன்பே வெளியே நிறுத்தப்படும் தொகை. பழைய முறையில் வீட்டு வாடகைப் படியின் ஒரு பகுதி இப்படி வெளியே நிற்கும். புதிய முறையில் அந்த விலக்கு கிடையாது. ஆனாலும் நீங்கள் கவனிக்காத ஒரு விலக்கு உங்களுக்கு இருக்கிறது: உங்கள் குழு மருத்துவக் காப்பீட்டுக்காக நிறுவனம் தன் பணத்திலிருந்து கட்டும் பிரீமியம். அது உங்களுக்குக் கிடைத்த பலன்தான், ஆனால் உங்கள் வருமானத்தில் சேர்க்கப்படுவதில்லை. நீங்கள் கட்டாத பணம் என்பதால், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்குக் கழிவு தரும் 80டி பிரிவில் அதைக் காட்டவும் முடியாது.

இரண்டாம் இடம் கழிவு, அதாவது டிடக்‌ஷன். வருமானமாக எண்ணிய பிறகு அதிலிருந்து குறைப்பது. உங்கள் தாளில் ‘நிலைக் கழிவு 75,000’ என்று இருக்கிறதே, அதுதான். 12,60,000-இலிருந்து அது போக மீதி 11,85,000.

மூன்றாம் இடம் தள்ளுபடி, அதாவது ரிபேட். இது வருமானத்தைத் தொடுவதே இல்லை. வரியைக் கணக்கிட்டு முடித்த பிறகு அந்த வரியிலிருந்து குறைப்பது. 11,85,000-க்கு வரி போடுங்கள். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், அதாவது 20,000. 8 லட்சத்துக்கு மேல் இருக்கும் 3,85,000-க்கு 10 சதவீதம், அதாவது 38,500. இரண்டும் சேர்ந்து 58,500. மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவருக்கு 60,000 ரூபாய் வரை வரியைத் தள்ளிவிடலாம் என்கிறது 87ஏ. ஆகவே 58,500-இல் 58,500 போய்ப் பூஜ்யம். 60,000 என்பது உச்சவரம்பு. வரி எவ்வளவோ அவ்வளவுதான் தள்ளுபடி. மிச்சம் 1,500-ஐ யாரும் கையில் தர மாட்டார்கள்.

திரும்பி வரும் பணத்துக்குப் பெயர் ரீஃபண்டு. அது, கட்ட வேண்டிய வரியைவிட அதிகமாகப் பிடித்திருந்தால் மட்டும் வருவது. உங்களிடம் பிடித்தது பூஜ்யம். திரும்பி வரவும் எதுவும் இல்லை.

கழிவும் தள்ளுபடியும் எடையில் வேறு. 20 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு 25,000 ரூபாய் கழிவு கிடைத்தால் மிச்சமாவது 5,000. அதே 25,000 தள்ளுபடியாகக் கிடைத்தால் மிச்சமாவது 25,000.

விட்டுப்போன 22,000 ரூபாய் வட்டி

வங்கி டிடிஎஸ் பிடிக்காததை விலக்கு என்று எடுத்துக்கொண்டீர்கள். என்னிடம் முதல் முறை கணக்கு கொண்டுவருபவர்களில் பாதிப்பேர் செய்யும் தவறு இது. டிடிஎஸ் என்பது வரியை வசூலிக்கும் ஒரு வழி மட்டுமே. 2025 ஏப்ரல் முதல், அறுபது வயதுக்கு உட்பட்டவருக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 50,000-ஐத் தாண்டினால்தான் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். உங்கள் வட்டி 22,000 என்பதால் வங்கி பிடிக்கவில்லை. ஆனால் வட்டி உங்கள் வருமானம்தான். வருமான வரி இணையதளத்தில் உங்கள் பெயரில் இருக்கும் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்தால், வங்கி அனுப்பிய வட்டி விவரம் பெரும்பாலும் அங்கே உட்கார்ந்திருக்கும். துறைக்குத் தெரிந்ததை நீங்கள் மட்டும் விட்டுவிட்டுத் தாக்கல் செய்தால் நோட்டீஸ் வர அதிக நாள் ஆகாது.

சேர்த்துப் பார்ப்போம். 11,85,000-உடன் 22,000 சேர்ந்தால் 12,07,000. இந்த 7,000 ரூபாய் தாண்டல்தான் உங்கள் கணக்கின் திருப்பம். 12 லட்சம் உண்மையிலேயே விலக்காக இருந்திருந்தால், மேலே இருக்கும் 7,000-க்கு மட்டும் 15 சதவீதம், அதாவது 1,050 ரூபாய் கட்டினால் போதும். ஆனால் அது தள்ளுபடி. தள்ளுபடிக்கு நிபந்தனை, மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. தாண்டியவுடன் முழுத் தள்ளுபடியும் கதவை மூடிக்கொள்கிறது. 12,07,000-க்கு வரி 61,050. நேற்று வரை பூஜ்யம், இன்று 61,050.

7,000 ரூபாய் கூடுதல் வருமானத்துக்கு 61,050 ரூபாய் வரி என்பது அநியாயம் என்று சட்டத்துக்கும் தெரிந்திருக்கிறது. அதனால் விளிம்பு நிவாரணம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். 12 லட்சத்தைத் தாண்டிய தொகை எவ்வளவோ, அதைவிட அதிகமாக வரி இருக்கக் கூடாது. ஆகவே உங்கள் வரி 7,000-ஆகக் குறைகிறது. அதன் மேல் செஸ் என்ற 4 சதவீத மேல்வரி 280. மொத்தம் 7,280. அந்த 22,000 வட்டியில் 15,000 தப்பித்துவிட்டது. மீதி 7,000 முழுவதும் அரசுக்குப் போனது. 280 உங்கள் சட்டைப்பையிலிருந்து. 12 லட்சத்தைத் தாண்டி முதல் எழுபதாயிரம் வரை இருப்பவர்களின் நிலைமை ஏறக்குறைய இதுதான்: கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயும் வரிக்கே போகும்.

உங்கள் அறைத்தோழர் சொன்னதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. கணக்கு தாக்கல் செய்ய வேண்டுமா என்பதை முடிவு செய்வது அடிப்படை விலக்கு வரம்பு, தள்ளுபடி அல்ல. மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால், வரி பூஜ்யமாக இருந்தாலும் தாக்கல் செய்தாக வேண்டும். அவருடைய சம்பளமும் அதற்கு மேல் என்றால் அவரையும் உட்காரவைத்துத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். தேதி தவறினால் 5 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவருக்கு 5,000 ரூபாய் தாமதக் கட்டணம்.

டிடக்‌ஷன் வேறு, டிடக்டிபிள் வேறு

இரண்டு சொற்களும் காதில் ஒன்றுபோல விழுகின்றன, வேரும் ஒன்றுதான். ஆனால் யார் கணக்கிலிருந்து குறைகிறது என்று கேட்டால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. வரியில் டிடக்‌ஷன் உங்கள் வருமானத்திலிருந்து குறைகிறது, லாபம் உங்களுக்கு. காப்பீட்டில் டிடக்டிபிள், காப்பீட்டு நிறுவனம் தர வேண்டிய பணத்திலிருந்து குறைகிறது, சுமை உங்களுக்கு. உங்கள் பாலிசியில் அச்சிட்டிருக்கும் 5,00,000-க்குப் பொருள்: ஓர் ஆண்டின் மருத்துவச் செலவில் முதல் 5 லட்சத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. இருபது லட்சம் காப்பீட்டை 3,600 ரூபாய்க்குத் தர முடிந்ததே இந்த வரியால்தான்.

மருத்துவமனைச் செலவு 7,40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 5 லட்சத்தை அலுவலகக் குழுக் காப்பீடு தருகிறது. மீதி 2,40,000-ஐ சூப்பர் டாப்-அப் தருகிறது. இரண்டும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. இந்த அளவில் சரியாகத்தான் திட்டமிட்டிருக்கிறீர்கள். ‘சூப்பர்’ என்ற சொல் விளம்பரச் சொல் அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே ஆண்டில் 4 லட்சம் வீதம் இரண்டு முறை மருத்துவமனையில் சேர நேர்ந்தால், சாதாரண டாப்-அப் ஒவ்வொரு முறையும் தனித்தனியாகப் பார்த்து, இரண்டும் 5 லட்சத்தைத் தாண்டவில்லை என்று கையை விரித்துவிடும். சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி 8 லட்சம் என்று எடுத்துக்கொண்டு, 5 லட்சம் போக 3 லட்சத்தைத் தரும்.

கவலை ஒன்றுதான். நீங்கள் வேலையை விடும் நாளில் குழுக் காப்பீடும் பொதுவாக நின்றுவிடும். சூப்பர் டாப்-அப் மட்டும் நிற்கும், தரையில்லாத மாடி போல. அந்த நிலையில் முதல் 5 லட்சம் உங்கள் சேமிப்பிலிருந்துதான் போக வேண்டும். அடுத்த வேலையில் சேர இரண்டு மாதம் இடைவெளி விழுந்தால்கூட இது பொருந்தும். ஆகவே, சொந்தமாக ஓர் அடிப்படை பாலிசி எடுப்பதைப் பற்றி வேலையில் இருக்கும்போதே யோசியுங்கள்.

பெற்றோரின் பாலிசியையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முதியவர்களுக்கான பாலிசிகள் பலவற்றில் ‘கோ-பே 20 சதவீதம்’ என்று இருக்கும். அது டிடக்டிபிளின் தம்பி. டிடக்டிபிள் ஒரு நிலையான தொகை. கோ-பே ஒரு விகிதம். ஏற்கத்தக்க செலவு 2 லட்சம் என்றால் 40,000 உங்கள் பங்கு. அதே தாளில் ‘விலக்குகள்’ என்ற தலைப்பும் இருக்கும். வரித் தாளில் விலக்கு என்றால் மகிழலாம். காப்பீட்டுத் தாளில் அந்தச் சொல்லுக்கு, பணம் கிடைக்காத சிகிச்சைகள் என்று பொருள்.

80டி-யில் போகக்கூடியது எது?

உங்கள் கணக்கில், கட்டிய பிரீமியம் மட்டும். டிடக்டிபிள் போகாது, கோ-பே போகாது. உங்கள் கையிலிருந்து உண்மையிலேயே 5 லட்சம் செலவாகியிருந்தாலும் போகாது. மருத்துவச் செலவையே காட்டலாம் என்ற வசதி, எந்த மருத்துவக் காப்பீடும் இல்லாத மூத்த குடிமக்களின் செலவுக்கு மட்டும்தான் உண்டு. உங்களுக்காகக் கட்டியதில் 25,000 வரை, மூத்த குடிமக்களான பெற்றோருக்காகக் கட்டியதில் 50,000 வரை கழிக்கலாம்; ரொக்கமாகக் கட்டியிருக்கக் கூடாது. உங்கள் கணக்கில் அது 3,600-உம் 38,000-உம், மொத்தம் 41,600. பெற்றோர் உங்களைச் சார்ந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. கட்டியவர் நீங்கள் என்றால் போதும்.

5 லட்சத்தைப் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தீர்கள். மென்பொருள் 25,000-க்கு மேல் ஏற்காது. ஏற்றுக்கொண்ட 25,000 சரியானதாகத்தான் இருக்கும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து. நீங்கள் கட்டியது 3,600, காட்டியது 25,000. மிச்சமாவது ஆறாயிரத்துச் சொச்சம் வரி. தவறான தகவல் என்று பிடிபட்டால் அந்த வரியைப் போல இரு மடங்கு அபராதம். காப்பீட்டு நிறுவனத்தின் பெயரையும் பாலிசி எண்ணையும் இப்போது அந்தப் பட்டியலிலேயே கேட்கிறார்கள்.

இதற்கும் மேல், 80டி பழைய முறையில் மட்டுமே கிடைப்பது. மாறினால் என்ன ஆகும் என்று, நீங்கள் அனுப்பிய சம்பளச் சீட்டை வைத்துப் போட்டுப் பார்த்தேன். அடிப்படைச் சம்பளம் மாதம் 50,000, வாடகை 13,000. வாடகையிலிருந்து அடிப்படைச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு போக, ஆண்டுக்கு 96,000 வாடகைப் படி விலக்கு. பழைய முறையின் நிலைக் கழிவு 50,000. தொழில் வரி 2,500. வருங்கால வைப்பு நிதிக்கு உங்கள் பங்கு 72,000. பிரீமியம் 41,600. வட்டியோடு சேர்த்த 12,82,000-இலிருந்து இவை எல்லாம் போக மீதி 10,19,900. அதற்கு மேல்வரியோடு வரி சுமார் 1,23,200. புதிய முறையில் 7,280. பேச்சுக்கே இடமில்லை, புதிய முறையிலேயே இருங்கள். பிரீமியத்தால் இந்த ஆண்டு உங்களுக்கு வரிப் பயன் ஒரு ரூபாய்கூட இல்லை. அதற்காகப் பாலிசியை விட்டுவிடாதீர்கள். 38,000 கட்டுவது பெற்றோரின் மருத்துவச் செலவுக்காக.

இனிச் செய்ய வேண்டியது

வருமான வரி இணையதளத்தில் ஏஐஎஸ்-ஐத் திறந்து வட்டித் தொகையைச் சரிபாருங்கள். சேமிப்புக் கணக்கு வட்டி இருந்தால் அதையும் சேருங்கள். அது ஒரு 900 ரூபாய் என்றால் வரியும் ஏறக்குறைய 900 கூடும், மேலே சொன்ன அதே காரணத்தால். பங்கு விற்ற லாபம் ஏதேனும் இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு எனக்கு மீண்டும் எழுதுங்கள். தனி விகிதத்தில் வரி போடப்படும் அந்த லாபத்துக்கு 87ஏ தள்ளுபடி பொருந்தாது, படிவமும் மாறலாம். சம்பளமும் வட்டியும் மட்டும் என்றால் ஐடிஆர்-1 போதும்.

இணையதளத்தின் ‘e-Pay Tax’ பகுதியில், மதிப்பீட்டு ஆண்டு 2026–27, ‘Self-Assessment Tax’ என்று தேர்ந்தெடுத்து 7,280 ரூபாயைக் கட்டுங்கள். ஆண்டைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் பணம் வேறு ஆண்டின் கணக்கில் போய் நின்றுகொள்ளும், திருத்துவது அலைச்சல். உங்கள் பாக்கி 10,000-க்குக் கீழ் இருப்பதால் முன்கூட்டி வரி கட்டவில்லை என்ற வட்டி விழாது. பிறகு கணக்கைத் தாக்கல் செய்து, 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்ப்பை முடியுங்கள். சரிபார்க்காத கணக்கு தாக்கல் ஆகாத கணக்கு. கடைசி நாள் ஜூலை 31.

நடப்பு ஆண்டுக்கும் ஒரு வழி சொல்கிறேன். புதிய வரி முறையிலும் மிஞ்சியிருக்கும் சில கழிவுகளில் ஒன்று, என்பிஎஸ் ஓய்வூதியத் திட்டத்துக்கு நிறுவனம் உங்களுக்காகச் செலுத்தும் பங்கு. அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை அது வருமானத்திலிருந்து கழியும். நீங்களே நேரில் கட்டினால் பயன் இல்லை. சம்பளக் கட்டமைப்பில் நிறுவனம் கட்டுவதாக அமைய வேண்டும். சம்பளமும் வட்டியும் இதே அளவில் இருந்தால், ஆண்டுக்கு 7,000 ரூபாய்க்குச் சற்று மேல் அப்படித் திருப்பிவிட்டாலே மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் வந்து, தள்ளுபடிக் கதவு மறுபடி திறந்துவிடும். அந்தப் பணத்தைப் பெரும்பாலும் பல ஆண்டுகளுக்கு எடுக்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். சம்பளம் உயரப் போகிறது என்றால் இந்தக் கணக்கே மாறிவிடும். அப்படியானால் உயர்வுக் கடிதம் கைக்கு வந்த பிறகு மனிதவளப் பிரிவிடம் பேசுங்கள். ஃபிக்ஸட் டெபாசிட் வட்டி எவ்வளவு வரும் என்பதையும் அவர்களிடம் அப்போதே எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த ஆண்டின் வரி மாதந்தோறும் சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டுவிடும்.